எண்டோஸ்கோபி நார்மல், வயிறு மட்டும் கல்

வயது 37, மும்பை முலுண்டில் இருக்கிறேன். ஒன்பது மாதமாக நாலு வாய் சாப்பிட்டாலே வயிறு நிரம்பிவிடுகிறது. அப்புறம் மூன்று மணி நேரம் கல்லை வைத்த மாதிரி இருக்கிறது. எண்டோஸ்கோபி எடுத்தாச்சு, நார்மல் என்கிறார்கள். அசிடிட்டி மாத்திரை மாற்றி மாற்றிச் சாப்பிட்டும் பெரிய பலன் இல்லை. ஒன்றும் இல்லை என்றால் ஏன் இப்படி? எதுதான் கேட்கும்?

*

எண்டோஸ்கோபியை எப்படி எடுத்தார்கள் என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். முந்தின ராத்திரியிலிருந்து பட்டினி. காலி வயிற்றில் காற்றை ஊதி விரித்து, உள்சுவரைக் கேமராவில் பார்த்தார்கள். புண், கட்டி, அடைப்பு இருந்தால் அது காட்டிக்கொடுக்கும். உங்களுக்குத் தொந்தரவு வருவதோ சோறு உள்ளே போன பிறகு. சோறு போனதும் இரைப்பை எப்படி நடந்துகொள்கிறது என்பதை அந்தக் கேமரா பார்க்கவே இல்லை. அதனால் ரிப்போர்ட்டில் உள்ள ‘நார்மல்’ என்பதற்கு, சுவரில் கோளாறு இல்லை என்று மட்டும்தான் அர்த்தம்.

செம்பூரில் இரைப்பை, குடல் நோய்களுக்கு மருத்துவம் பார்க்கிறவன் நான். இந்த மாதிரித் தொந்தரவுக்காக எண்டோஸ்கோபி செய்துகொள்பவர்களில் பத்தில் ஏழெட்டுப் பேருக்கு ரிப்போர்ட் இப்படித்தான் வருகிறது. இதற்கு ஃபங்ஷனல் டிஸ்பெப்சியா என்று பெயர். ஆறு மாதத்துக்கு முன்பே ஆரம்பித்து, கடைசி மூன்று மாதமாக விடாமல் இருந்தால் இந்தப் பெயரைச் சூட்டலாம் என்று இத்துறை நிபுணர்கள் வகுத்து 2016-இல் வெளியான ரோம் விதிகள் சொல்கின்றன. இதில் இரண்டு ரகம் உண்டு. மேல்வயிற்றில் வலியும் எரிச்சலும் முன்னால் நிற்பது ஒன்று. சாப்பிட்டதும் நிரம்பிப்போவது, பாதியிலேயே ‘போதும்’ என்று தோன்றுவது இன்னொன்று. நீங்கள் எழுதியிருப்பது அப்படியே இரண்டாவது ரகம். இரண்டுக்கும் மருந்து ஒன்றல்ல என்பதால் இந்தப் பிரிவு முக்கியம்.

உள்ளே நடப்பது இதுதான். இரைப்பையின் மேல்பகுதி ஒரு துணிப்பை மாதிரி. சோறு வருகிறது என்று தெரிந்ததும் அது தானாகத் தளர்ந்து இடம் விட வேண்டும். அப்போதுதான் அரைப்படிச் சோறு உள்ளே போனாலும் அழுத்தம் ஏறாது, நமக்கும் ஒன்றும் தெரியாது. உங்களைப் போன்றவர்களில் ஏறக்குறைய பத்துக்கு நாலு பேருக்கு அந்தப் பை சரியாகத் தளர்வதில்லை. மேலே இடம் கிடைக்காத சோறு சீக்கிரமே கீழ்ப்பகுதிக்குத் தள்ளப்பட்டு, அங்கே போய் முட்டுகிறது. நாலு வாயிலேயே ‘நிரம்பிவிட்டது’ என்ற செய்தி மூளைக்குப் போய்விடுகிறது. இன்னொரு பகுதியினருக்கு, கால்வாசி முதல் மூன்றில் ஒரு பங்கு பேருக்கு, இரைப்பை மெதுவாகக் காலியாகிறது. வேறு சிலருக்குப் பை தளர்வதும் காலியாவதும் ஒழுங்காகவே நடக்கும், ஆனால் வயிற்று நரம்புகள் சின்ன அழுத்தத்தையும் பெரிதாக அறிவிக்கும். பலருக்கு இவை கலந்தே இருக்கும். ஒரு முறை வாந்திபேதி வந்து போன பிறகு இது ஆரம்பித்தவர்களையும் நிறையப் பார்த்திருக்கிறேன். கிருமி போய்விடும், நரம்பின் எரிச்சல் மட்டும் தங்கிவிடும்.

இப்போது அசிடிட்டி மாத்திரை ஏன் கேட்கவில்லை என்பது புரியும். பான்டோபிரசோல், ராபிபிரசோல் எல்லாம் அமிலத்தைக் குறைக்கும். தளராத பையைத் தளர்த்தாது. எரிச்சல் ரகத்துக்கு அவை ஓரளவு உதவும். நிரம்பல் ரகத்திலும் நாலு முதல் எட்டு வாரம், தினம் ஒன்று, காலை உணவுக்கு அரை மணி முன்னால் என்று ஒரு தடவை போட்டுப் பார்ப்பதில் தப்பில்லை. கேட்கவில்லை என்றால் டோஸை இரட்டிப்பாக்கிப் பயனில்லை. நம் ஊரில் நடப்பது வேறு. ஒரு பிராண்டு போய் இன்னொரு பிராண்டு வரும். உள்ளே இருப்பது அதே மருந்துதான்.

உங்கள் அட்டையைத் திருப்பிப் படித்துப் பாருங்கள். அமில மாத்திரையோடு லெவோசல்பிரைடு 75 மி.கி. சேர்ந்த கேப்சூல் மும்பை மருந்துக் கடைகளில் தாராளமாக ஓடுகிறது. வயிற்றை வேகமாகக் காலியாக்கும், முதல் வாரம் சுகமாகவும் இருக்கும். ஆனால் அது மூளையில் செய்தி கடத்துகிற டோபமைன் என்ற ரசாயனத்தைத் தடுக்கிற மருந்து. மாதக்கணக்கில் தொடர்ந்தால் பெண்களுக்கு மாதவிலக்கு தவறலாம், மார்பில் பால் கசியலாம். வயதானவர்களுக்குக் கை நடுக்கமும் நடையில் தளர்ச்சியும் வரலாம். வயிற்றுக்கென்று கொடுத்த கேப்சூலால் வந்த நடுக்கத்துக்குப் பார்க்கின்சன் மாத்திரை ஆரம்பித்த ஒரு பாட்டியைப் பார்த்திருக்கிறேன். கேப்சூலை நிறுத்திய சில மாதங்களில் நடுக்கம் போனது. அதே அட்டையில் டோம்பெரிடோன் 30 இருந்தால் அதுவும் குறுகிய காலத்துக்கான மருந்துதான். இதயத் துடிப்பில் கோளாறு உள்ளவர்களும், கிளாரித்ரோமைசின், ஃப்ளூகோனசோல் மாதிரி மருந்து எடுப்பவர்களும் அதைத் தொடக்கூடாது.

ரிப்போர்ட்டில் ஒருவேளை ‘மைல்டு ஆன்ட்ரல் காஸ்ட்ரிடிஸ்’ என்று ஒரு வரி இருக்கலாம். பாதிப் பேருடைய ரிப்போர்ட்டில் அது இருக்கும். கேமராவில் கொஞ்சம் சிவப்பாகத் தெரிந்தது என்பதற்கு மேல் அதில் பெரிய விஷயம் இல்லை. அந்தச் சிவப்புக்கும் உங்கள் நிரம்பலுக்கும் பெரிய தொடர்பு கிடையாது.

மருந்துக்குப் போவதற்கு முன், எண்டோஸ்கோபியில் தெரியாத சிலவற்றை ஒதுக்கிவிட வேண்டும். சர்க்கரை நோய் பல வருடமாக இருந்தால் இரைப்பை நரம்பே பாதிக்கப்பட்டிருக்கலாம். உடல் எடைக்கும் சர்க்கரைக்கும் இப்போது போடுகிற செமாகுளூடைடு ஊசி இரைப்பையை வேண்டுமென்றே மெதுவாக்குகிறது. மெட்பார்மின், இரும்புச்சத்து மாத்திரை, வலி மாத்திரை மூன்றும் வயிற்றைப் படுத்தும். மலச்சிக்கல் இருந்தால் முதலில் அதைத் தீர்க்க வேண்டும், கீழே அடைத்திருந்தால் மேலேயும் மெதுவாகும். ஐம்பது தாண்டிய பெண்ணுக்குப் புதிதாக நிரம்பலும் வயிற்று உப்பலும் வந்தால் அடிவயிற்றுக்கும் சேர்த்து ஸ்கேன் எடுத்தே ஆக வேண்டும், சினைப்பைப் புற்று இப்படித்தான் தலைகாட்டும். இன்னொன்று, நிரம்பல் சாப்பிட்ட பிறகு படியேறும்போது மட்டும் வந்து, நின்றால் போய்விடுகிறதா? ரயில்வே மேம்பாலம் ஏறும்போது ‘கேஸ்’ என்று நினைத்துக்கொண்டு நிற்பவர்களில் சிலருக்கு அது இதயம். அதற்கு ஈசிஜிதான் முதல் வேலை. எடை குறைவது, விழுங்கச் சிரமம், திரும்பத் திரும்ப வாந்தி, கறுப்பு மலம், ரத்தசோகை இதில் எது வந்தாலும், பழைய ரிப்போர்ட் நார்மல் என்று உட்காராமல் மறுபடி மருத்துவரைப் பாருங்கள்.

அப்புறம் ஹெச் பைலோரி கிருமி. எண்டோஸ்கோபியின்போது சதை கிள்ளி ‘நெகட்டிவ்’ என்று எழுதியிருந்தாலும், அன்று வரை அமில மாத்திரை சாப்பிட்டிருந்தால் அந்த முடிவை நம்ப முடியாது. மாத்திரை கிருமியைக் கொல்லாது, ஒளித்துவைக்கும். இரண்டு வாரம் மாத்திரையை நிறுத்தி, ஆன்டிபயாட்டிக் எடுத்திருந்தால் அதிலிருந்து நாலு வாரம் தள்ளி, மலத்தில் ஆன்டிஜன் டெஸ்ட்டோ மூச்சு டெஸ்ட்டோ செய்ய வேண்டும். கிருமி இருந்தால் 14 நாள் மருந்து. ஆனால் அதிகம் எதிர்பார்க்க வேண்டாம். ஏறக்குறைய பதினான்கு பேருக்கு மருந்து கொடுத்தால், அதனால் மட்டும் தொந்தரவு முழுதாகப் போகிறவர் ஒருவர். அதுவும் தெரிய ஆறு மாதம், ஒரு வருடம் ஆகலாம். இருந்தாலும் நான் விடுவதில்லை. புண்ணுக்கும் இரைப்பைப் புற்றுக்கும் அது வழிவிடும் கிருமி.

சரி, எது கேட்கும்? ஒருவரைப் பற்றிச் சொன்னால் எளிதாகப் புரியும். ஆள் யாரென்று தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

42 வயது, டோம்பிவிலி வாசம், ஃபோர்ட்டில் ஆபீஸ். உங்களைப் போலவேதான் புகார். ஐந்து மாதமாக நான் மேலே சொன்ன கேப்சூல். முதல் நாள் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கச் சொன்னேன். ஒவ்வொரு வேளையும் என்ன சாப்பிட்டார், எத்தனை நிமிடத்தில் சாப்பிட்டார், அரை மணி கழித்தும் இரண்டு மணி கழித்தும் நிரம்பல் பத்துக்கு எத்தனை என்று இரண்டு வாரம் எழுத வேண்டும். அந்த இரண்டு வாரமும் கேப்சூல் கிடையாது. மாத்திரையை நிறுத்தியதும் அடங்கிக் கிடந்த அமிலம் ஒரு குதி குதிக்கும். நாலாம் நாள் நெஞ்சு எரிகிறது என்று போன் செய்தார். பலர் இந்த இடத்தில்தான் ‘மாத்திரை இல்லாமல் முடியாது போல’ என்று பயந்து திரும்பப் போடுகிறார்கள். அமிலத்தைச் சமன் செய்யும் ஆன்டாசிட் திரவத்தை வைத்துச் சமாளிக்கச் சொன்னேன். பத்தாம் நாள் எரிச்சல் அடங்கியது. பிறகு எடுத்த மல டெஸ்ட்டில் கிருமி இல்லை.

நோட்டைப் பார்த்ததும் பாதிக் கதை தெரிந்தது. காலை 7.40 லோக்கலைப் பிடிக்கிற அவசரத்தில் இரண்டு சாயா, நாலு பிஸ்கட். மதியம் ஒன்றரைக்கு டப்பாவைத் திறந்தால் நாலு சப்பாத்தி, உருளைக்கிழங்கு வறுவல், அதற்கு மேல் சோறும் தயிரும், எல்லாம் பதினைந்து நிமிடத்தில். ஐந்து மணிக்குச் சர்ச்கேட் பக்கம் ஒரு வடாபாவ், கூடவே வாயு போகட்டும் என்று ஒரு மசாலா சோடா. வீட்டுக்கு வந்து பத்து மணிக்குச் சாம்பார், பொரியல், அப்பளத்தோடு சாப்பாடு. பதினொன்றுக்குப் படுக்கை. மதிய நிரம்பல் 8, இரவு 7, வடாபாவுக்கு 6.

காரம், புளி என்று நாம் சண்டை போடுவது வழக்கம். இந்த ரகத்தில் முதல் எதிரிகள் ஒரு வேளையின் அளவும் எண்ணெயும்தான். கொழுப்பு சிறுகுடலின் முதல் வளைவைத் தொட்டதும் அங்கிருந்து ஒரு ஹார்மோன் கிளம்பி, ‘மெதுவாக அனுப்பு’ என்று இரைப்பைக்குச் சொல்லும். நரம்பையும் கூர்மையாக்கும். ஒரு வடாபாவ் மூன்று மணி நேரம் உட்கார்ந்துகொள்வது இதனால்தான். அதோடு இரைப்பை கெட்டியான உணவை ஒன்றிரண்டு மில்லிமீட்டர் துகளாக அரைத்த பிறகே கீழே விடும். பல் செய்யாத வேலையை வயிறு செய்ய வேண்டியிருக்கிறது. சோடாவோ நுரைக்கிற உப்புத்தூளோ ஏப்பம் வரவழைக்கும், ஒரு நிமிடம் சுகம் போலிருக்கும். ஆனால் ஏற்கெனவே தளராத பைக்குள் காற்றை ஊதுகிற வேலை அது.

அதனால் உணவைக் குறைக்கவில்லை, பிரித்தோம். ரயிலுக்கு முன் இரண்டு இட்லி. பதினொன்றுக்கு ஒரு வாழைப்பழம். மதியம் இரண்டு சப்பாத்தி, பருப்பு, குழைய வெந்த காய், இருபத்தைந்து நிமிடத்தில். டப்பாவில் இருந்த தயிர்ச் சோற்றைத் தனியாக எடுத்து வைத்து நாலரைக்கு. வீட்டுக்குள் நுழைந்ததும் எட்டே முக்காலுக்கு ஒரு கிண்ணம் ரசம் சாதம். படுக்கைக்கு முன் இரண்டு மணி இடைவெளி. சாப்பிட்ட பின் கட்டிலுக்குப் போகாமல் கால் மணி நேரம் கட்டடத்தைச் சுற்றி மெதுவாக நடை. வறுவலும் அப்பளமும் ஞாயிற்றுக்கிழமைக்கு, அதுவும் ஒரு வேளைக்கு மட்டும். வாரம் ஒரு முறை எடை பார்க்கச் சொன்னேன். இந்த நோய்க்காரர்கள் பயத்தில் சாப்பாட்டையே சுருக்கிவிடுவார்கள். எடை இறங்கினால் திட்டம் தப்பு என்று அர்த்தம். மூன்று வாரத்தில் மதிய எண் 8-இலிருந்து 5-க்கு வந்தது.

அவர் மனைவி சுக்குக் கஷாயம் கொடுக்கலாமா என்று கேட்டார். தாராளமாகக் கொடுக்கலாம், கெடுதல் இல்லை. தைவானில் இதை டிஸ்பெப்சியா நோயாளிகளிடம் சோதித்தார்கள். இஞ்சியால் இரைப்பை வேகமாகக் காலியானது உண்மை. நோயாளிகளின் தொந்தரவு மட்டும் குறையவில்லை. காலியாகும் வேகம் ஒன்றுதான் பிரச்சினை என்று நினைக்கக் கூடாது என்பதற்கு இந்தச் சோதனையை நான் அடிக்கடி சொல்வேன்.

அடுத்தது அகோடியாமைடு. இந்த நிரம்பல் ரகத்துக்கென்றே உருவான மருந்து. 2013-இல் ஜப்பானில் வந்தது, இங்கேயும் கிடைக்கிறது. இரைப்பைச் சுவரில் நரம்பு தசைக்குச் செய்தி அனுப்புகிற அசிடைல்கோலின் சீக்கிரம் அழிந்துபோகாமல் பார்த்துக்கொள்ளும். மேல்பகுதி தளர்வதற்கும் கீழ்ப்பகுதி தள்ளுவதற்கும் அது உதவுகிறது. லெவோசல்பிரைடு மாதிரி இல்லை, மூளையின் டோபமைனை இது தொடாது. 100 மி.கி., மூன்று வேளை, சாப்பாட்டுக்கு முன். சாப்பிட்ட பிறகு போட்டால் பிரயோஜனம் குறைவு. முதல் வாரம் அவர் டிஃபனுக்குப் பிறகு போட்டுக்கொண்டிருந்தார், நோட்டைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தேன். இந்த மருந்துக்கு நாலு வாரம் அவகாசம் கொடுக்க வேண்டும். நாலு வாரத்தில் அசையவில்லை என்றால் நிறுத்திவிட வேண்டும், வருடக்கணக்கில் ஓட்டக்கூடாது. அவருக்கு 5 என்பது மூன்றரையானது. பிரமாதம் என்று சொல்ல முடியாது, ஆனால் மருந்தின் உண்மையான பலம் அவ்வளவுதான்.

சாயங்காலம் வயிறு முன்னால் தள்ளிக்கொண்டு நிற்பது மட்டும் போகவில்லை. பெல்ட்டை ஒரு துளை தளர்த்துவாராம். இது முழுக்கக் காற்றால் வருவதில்லை. நிரம்பியது போல் தோன்றும்போது சிலருக்கு உதரவிதானம் கீழே இறங்கி, வயிற்றுத் தசை தளர்ந்துவிடும். அந்தப் பழக்கத்தை மூச்சால் மாற்றலாம். ஒரு கையை மார்பிலும் ஒரு கையை வயிற்றிலும் வைத்து, மார்புக் கை அசையாமல் நாலு எண்ணும்வரை மூக்கால் இழுத்து, ஆறு எண்ணும்வரை மெதுவாக விட வேண்டும். சாப்பிட்ட பின் ஐந்து பத்து நிமிடம். கூட்டத்தில் நிற்க இடம் கிடைத்தால் ரயிலிலும் செய்தார். முதல் பத்து நாள் மார்பு அசைந்துகொண்டேதான் இருக்கும், அதுவரை பலன் இல்லை என்று விடக்கூடாது.

மூன்றாவது மாதம், இன்னும் மிச்சம் இருந்ததற்கு ராத்திரியில் மிர்டாசபின் 7.5 மி.கி. எழுதினேன். அட்டையைக் கூகுளில் தேடிவிட்டு மறுநாள் வந்தார்.

“டாக்டர், இது டிப்ரஷன் மாத்திரையாமே? நான் கற்பனை பண்றேன்னு நினைக்கறீங்களா?”

“கற்பனைன்னா போன மாசம் எண் எப்படிக் குறைஞ்சது? மனசுக்குக் கொடுக்கிற ஆரம்ப அளவில் இது பாதிதான். உங்க வயித்து நரம்பு கத்தறதைக் கொஞ்சம் அடக்கறதுக்கு.”

இந்த இடத்தில் மருந்தைத் தேர்ந்தெடுப்பது நுட்பமான வேலை. அமிட்ரிப்டிலின் என்ற பழைய மருந்தை 2015-இல் வெளியான பெரிய வட அமெரிக்க ஆய்வில் 50 மி.கி. வரை கொடுத்துப் பார்த்தார்கள். வலி ரகத்தில் அது நன்றாகக் கேட்டது, இரைப்பை மெதுவாகக் காலியாகிறவர்களுக்குக் கேட்கவில்லை. மலச்சிக்கலையும் கூட்டும். அதனால் வலி முன்னால் நிற்பவர்களுக்கு 10 மி.கி.யில் தொடங்குவேன். நிரம்பலோடு பசியும் எடையும் குறைந்தவர்களுக்கு மிர்டாசபின் பொருந்தும், தூக்கமும் பசியும் வரும். ஏற்கெனவே குண்டாக இருப்பவர்களுக்கு அதே குணம்தான் தொல்லை, காலையில் அசதியும் இருக்கும். சாப்பாட்டுக்கு முன் போடுகிற பஸ்பிரோன் இன்னொரு வழி, மேல்பகுதியைத் தளர்த்துகிறது என்று ஒரு சிறிய ஆய்வில் தெரிந்தது. இவை எதையும் கடையில் கேட்டு வாங்காதீர்கள், வேறு மருந்துகளோடு மோதும்.

மிர்டாசபினை மூன்று மாதம் தொடர்ந்து, பிறகு இரண்டு வாரத்தில் படிப்படியாகக் குறைத்து நிறுத்தினோம். இப்போது அவரிடம் எந்த மாத்திரையும் இல்லை. நோட்டில் சாதாரண நாளின் எண் 2. ரயில் தாமதமாகி ராத்திரிச் சாப்பாடு பத்தரைக்குப் போகிற நாளில் 4. போன மாதம் மாட்டுங்காவில் ஒரு கல்யாணத்தில் பந்தியில் உட்கார்ந்து பாதாம் அல்வா, போண்டா, பாயசம் என்று ஒன்றையும் விடவில்லை. இரண்டு நாள் 6. மூன்றாம் நாள் மறுபடி 2.